ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம்: பள்ளிச் செலவைப் பிரிக்கும் கணக்கு

கேள்வி: ஐயா, வாடிப்பட்டி வட்டாரத்தில் எங்கள் அறக்கட்டளை எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு மெட்ரிக் பள்ளி நடத்துகிறது. நான் பொருளாளர். போன வருடம் மொத்தச் செலவு 1 கோடியே 62 லட்சம். 400 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 40,500 ரூபாய் வருகிறது. நாங்கள் வாங்கும் கட்டணமோ சராசரி 28,000தான். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதும், "அப்படியானால் பள்ளிக்கூடம் எப்படி ஓடுகிறது? பாடம் நடத்த எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. கட்டண நிர்ணயக் குழுவுக்கும் மனு போட வேண்டியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு, சம்பளப் பட்டியல், டைம்டேபிள் மூன்றையும் இணைத்திருக்கிறேன். எப்படிப் பிரிப்பது?

பெயர் வெளியிட வேண்டாம், வாடிப்பட்டி

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்தேன். கணக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அந்த வருடம் கையைவிட்டுப் போன பணம். ஒரு பிள்ளையை ஒரு வருடம் படிக்க வைக்க என்ன ஆகிறது என்பது வேறு கணக்கு. பெற்றோர் கேட்டது இரண்டாவதை, நீங்கள் சொன்னது முதலாவதை. கூட்டத்தில் குழப்பம் வந்தது அதனால்தான்.

உங்கள் ஆடிட்டர் கணக்கை இப்படிப் போட்டதற்குக் காரணம் உண்டு. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறப்பணிக்கே செலவழித்திருந்தால்தான் முழு வரிவிலக்கு கிடைக்கும். அந்த 85-ஐக் கணக்கிடும்போது வகுப்பறை கட்டிய பணத்தையும் செலவாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆக, வருமான வரிக்கு அந்தத் தாள் சரிதான். பிள்ளை ஒருவருக்கான செலவுக்கு அதே தரவுகளிலிருந்து இன்னொரு தாள் போட வேண்டும். அதை இங்கே உங்கள் எண்களை வைத்தே போடுகிறேன்.

முதலில் எடுக்க வேண்டியவற்றை எடுப்போம். போன வருடம் இரண்டு வகுப்பறை கட்ட 24 லட்சம் ஆகியிருக்கிறது. அந்த அறைகளில் இன்னும் நாற்பது வருடம் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். அத்தனை பேருக்குமான செலவை இந்த வருடத்துப் பிள்ளைகள் 400 பேர் தலையில் ஏற்றியதில் மட்டும் தலைக்கு 6,000 கூடிவிட்டது. வங்கிக் கடனுக்குக் கட்டிய 10 லட்சத்தில் வட்டி 4 லட்சம், அசல் 6 லட்சம். வட்டி செலவு. அசலைத் திருப்பிக் கொடுப்பது செலவு ஆகாது, கடன் குறைகிறது, அவ்வளவுதான். அந்த 6 லட்சத்தையும் எடுத்துவிடுங்கள்.

புத்தகம், நோட்டு, சீருடை வாங்க 11 லட்சம் போயிருக்கிறது. அதற்குப் பெற்றோரிடம் தனியாகப் பணம் வாங்கி வரவில் காட்டியிருக்கிறீர்கள். எனவே அதுவும் இந்தக் கணக்கில் வராது.

அடுத்தது வண்டி. பலர் இங்கே பாதியை எடுத்துவிட்டு மீதியை மறந்துவிடுவார்கள். 'வண்டிச் செலவு' என்ற தலைப்பில் டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 22 லட்சம் இருக்கிறது. ஆனால் ஐந்து டிரைவர்கள், வண்டியில் கூடவே போகிற உதவியாளர்கள் ஆகியோரின் சம்பளம் 13 லட்சத்து 80 ஆயிரம், சம்பளத் தலைப்புக்குள் கிடக்கிறது. அவர்களுக்கான பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 1 லட்சத்து 10 ஆயிரம் வேறொரு தலைப்பில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் வண்டிக்கு 36 லட்சத்து 90 ஆயிரம். இதை வண்டியில் ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்க வேண்டும், வண்டிகளின் தேய்மானத்தையும் சேர்த்துக்கொண்டு. பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளையின் கணக்கில் சோழவந்தான் வரை போய்வரும் வண்டியின் டீசல் ஏறக்கூடாது. அது நியாயமில்லை.

இத்தனையும் போக மிஞ்சுவது 84 லட்சத்து 10 ஆயிரம். இனி, பணமாகப் போகாவிட்டாலும் செலவு என்று சேர்க்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று தேய்மானம். பழைய கட்டடம் 1 கோடியே 20 லட்சம், புதிய அறைகள் 24 லட்சம், ஆக 1 கோடியே 44 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்குக் கம்பெனிச் சட்ட அட்டவணை 60 வருட ஆயுள் கொடுக்கிறது. தினமும் நானூறு பிள்ளைகள் ஓடியாடுகிற கட்டடத்துக்கு நான் 40 வருடம்தான் எடுப்பேன். அப்படி எடுத்தால் வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். பெஞ்சு, மேசை, அலமாரி 12 லட்சம். பள்ளித் தளவாடத்துக்கு அதே அட்டவணை 8 வருடம் சொல்கிறது, அதை அப்படியே எடுத்தால் ஒன்றரை லட்சம். கம்ப்யூட்டர், கேமரா, ஸ்மார்ட் போர்டு 6 லட்சம், நான்கு வருடத்துக்கு வகுத்தால் இன்னொரு ஒன்றரை லட்சம். ஆக மொத்தம் 6 லட்சத்து 60 ஆயிரம்.

"அசல் தவணை 6 லட்சம் கண்ணெதிரே போகிறது, அதை எடுத்துவிட்டுப் போகாத தேய்மானத்தைச் சேர்க்கிறீர்களே?" என்று உங்கள் தாளாளர் கேட்பார். அந்தக் கடன் வாங்கியதே கட்டடத்துக்குத்தான். கட்டடத்தின் விலையைத் தேய்மானமாக வருடா வருடம் எடுத்துக்கொண்டு, அதே கட்டடத்துக்கு வாங்கிய கடனின் அசலையும் எடுத்தால் ஒரே செங்கல்லுக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகும். உங்கள் பள்ளியில் தேய்மானம் 6.6 லட்சமும் அசல் 6 லட்சமும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், கட்டணத்தில் தேய்மானம் அடங்கியிருந்தாலே தவணை கட்டப் பணம் கையில் நிற்கும். கடன் முடிந்த பிறகும் தேய்மானத் தொகையைத் தனி வைப்பில் போட்டு வாருங்கள். பெஞ்சும் கம்ப்யூட்டரும் மாற்றுகிற வருடத்தில் பெற்றோரிடம் சிறப்புக் கட்டணம் கேட்க வேண்டியிராது.

இரண்டாவது பணிக்கொடை. ஐந்து வருடம் வேலை பார்த்த ஆசிரியர் விலகினால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும், மாதத்தை 26 நாளாக வைத்து. அடிப்படைச் சம்பளத்தில் இது வருடத்துக்கு 4.81 சதவீதம். உங்கள் கணக்கில் இதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. பதினைந்து வருடம் இருந்த இரண்டு டீச்சர்கள் ஒரே வருடம் ஓய்வு பெற்றால் அந்த வருடக் கணக்கே சாய்ந்துவிடும். வண்டிக்காரர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் போட்டுப் பார்த்தேன், 2 லட்சத்து 10 ஆயிரம் வருகிறது.

84.1, 6.6, 2.1 மூன்றையும் கூட்டினால் 92 லட்சத்து 80 ஆயிரம். 400-ஆல் வகுத்தால் தலைக்கு 23,200. நீங்கள் கூட்டத்தில் சொன்னதற்கும் இதற்கும் 17,300 ரூபாய் வித்தியாசம்.

இனி இந்த 92.8 லட்சத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். இதில் தொல்லை தருபவை சம்பளமும் ஒருசில பொதுச் செலவுகளும்தான், மற்றவை தாமாகவே விழுந்துவிடும்.

22 ஆசிரியர்களுக்குச் சம்பளம் 42 லட்சம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மூன்றரை லட்சம், பணிக்கொடை ஒதுக்கீடு ஒன்றரை லட்சம், ஆக 47 லட்சம். இதை அப்படியே கற்பித்தல் செலவு என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் டைம்டேபிளைப் பாருங்கள். கம்ப்யூட்டர் டீச்சருக்கு வாரத்தில் 14 பீரியட்தான் இருக்கிறது, மற்றவர்களுக்கு 28. மீதி நேரம் அவர் எமிஸ் பதிவு, வருகைப் பதிவு, கட்டண ரசீது என்று ஆபீசில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய செலவில் பாதி, சுமாராக 1 லட்சத்து 10 ஆயிரம், நிர்வாகத்துக்குப் போக வேண்டும். கற்பித்தலில் நிற்பது 45 லட்சத்து 90 ஆயிரம். எப்போதும் டைம்டேபிளை வைத்தே இதைத் தீர்மானியுங்கள், பதவிப் பெயரை வைத்து வேண்டாம்.

தலைமையாசிரியருக்கும் இதே முறைதான். அவருக்கு எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் அவரே எடுக்கிறார், மற்ற வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்கிறார், பாடக்குறிப்பு திருத்துகிறார். இவை அவருடைய நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்று உங்கள் டைம்டேபிளிலிருந்து தெரிகிறது. எனவே 1.8 லட்சம் கற்பித்தலுக்கு, 2.8 லட்சம் நிர்வாகத்துக்கு. சாதாரணமான ஒரு வாரத்தில் அவரைக் குறித்து வைக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் நடக்கும் மே மாதத்திலோ அரசுத் தேர்வு நெருங்கும் பிப்ரவரியிலோ எடுத்தால் பங்கு ஒருபக்கமாகச் சாயும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆயாக்களின் 2.3 லட்சத்தைக் கற்பித்தலில் வைக்கிறேன். துப்புரவுப் பணியாளரோடு அவர்களைச் சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்க்க மாட்டேன். நான்கு வயதுப் பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், சாப்பாடு ஊட்டி, அழுதால் தேற்றி உட்கார வைக்கிற ஆள் இல்லாமல் அந்த வகுப்பில் பாடமே நடக்காது. தேர்வு, ஆய்வகம், விளையாட்டு, ஆண்டு விழா என்று ஒரே தலைப்பில் 5 லட்சம் போட்டிருக்கிறீர்கள். வவுச்சர் வாரியாகப் பார்த்தால் ஆண்டு விழாவின் பந்தல், மைக் செட், அழைப்பிதழ், பிளக்ஸ் மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம். அது நிர்வாகம். மீதி 3.6 லட்சம் கற்பித்தல். ஆக 45.9, 1.8, 2.3, 3.6 கூட்டினால் கற்பித்தலுக்கு 53 லட்சத்து 60 ஆயிரம், தலைக்கு 13,400.

நிர்வாகத்தில் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேருக்கு 5.7 லட்சம், தலைமையாசிரியர் பங்கு 2.8, கம்ப்யூட்டர் டீச்சர் பங்கு 1.1, அச்சு, போன், சாஃப்ட்வேர், ஆடிட், விளம்பரம் எல்லாம் 4.6, விழாச் செலவு 1.4. மொத்தம் 15 லட்சத்து 60 ஆயிரம், தலைக்கு 3,900. உங்கள் தாளாளர் காலை முதல் மாலை வரை பள்ளியிலேயே இருந்தும் சம்பளம் எடுப்பதில்லை என்று தெரிகிறது. அவர் மாதிரி ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் இந்த 3,900 நிச்சயம் கூடும். ஆனால் கொடுக்காத சம்பளத்தைக் கணக்கில் ஏற்றாதீர்கள். தாளின் அடியில் ஒரு குறிப்பாக எழுதுங்கள், போதும். இடம் அறங்காவலர் குடும்பத்துடையது, வாடகை இல்லை என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். நாளைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டால் செலவு ஏன் திடீரென்று ஏறியது என்பதற்கு இந்தக் குறிப்பு விடை சொல்லும்.

வசதிக்கானதில் பெரிதாகப் பிரிக்க ஒன்றுமில்லை. துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன் 5.6, பழுது பார்த்தல் 4, கரண்ட் 2.4, பினாயில் முதலான துப்புரவுப் பொருள் 1, கடன் வட்டி 4, தேய்மானம் 6.6. ஆக 23 லட்சத்து 60 ஆயிரம், தலைக்கு 5,900.

கற்பித்தல் 13,400, நிர்வாகம் 3,900, வசதி 5,900. பெற்றோரிடம் சொல்ல வேண்டிய மூன்று எண்கள் இவைதான். நூறு ரூபாயில் பாடத்துக்கு 58, நிர்வாகத்துக்கு 17, இடத்துக்கும் வசதிக்கும் 25.

இந்தக் கணக்கு கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசதிச் செலவு ஒரு வருடம் தாவி, அடுத்த வருடம் இறங்கினால், கட்டடம் கட்டிய பணமோ பெரிய கொள்முதலோ உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். நிர்வாகச் செலவு நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், ஆபீஸ் வேலையை ஆசிரியர்களிடம் தள்ளிவிட்டு அவர்கள் சம்பளத்தைக் கற்பித்தலில் காட்டுகிறார்கள். இன்னொன்று மனதுக்குக் கஷ்டமானது. சில பள்ளிகளில் கையெழுத்து வாங்கும் தொகை ஒன்று, டீச்சர் கையில் போய்ச் சேரும் தொகை வேறு. அங்கே கற்பித்தல் செலவு காகிதத்தில் வீங்கியிருக்கும், வகுப்பறையில் அந்தப் பணம் இருக்காது. பிள்ளைக்கும் துரோகம், ஆசிரியருக்கும் துரோகம். உங்கள் சம்பளப் பட்டியலும் வங்கிப் பட்டுவாடாவும் பி.எஃப். செலானும் ஆள்வாரியாக ஒத்துப்போகின்றன. அதனால்தான் இந்த 13,400-ஐ என்னால் நம்பிச் சொல்ல முடிகிறது.

ஆனால் 13,400 என்பது சராசரி. எந்த ஒரு பிள்ளைக்கும் அது அப்படியே பொருந்தாது. கற்பித்தல் செலவைத் தீர்மானிப்பது சம்பள விகிதத்தைவிட, ஒரு செக்‌ஷனில் எத்தனை பிள்ளைகள் என்பதுதான். உங்கள் பட்டியலிலிருந்தே இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம்.

எல்.கே.ஜி.யில் 35 பிள்ளைகள். ஒரு டீச்சர், பி.எஃப். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சத்து 75 ஆயிரம். ஒரு ஆயா, 1 லட்சத்து 15 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 90 ஆயிரத்தை 35-ஆல் வகுத்தால் தலைக்கு சுமார் 8,300.

பத்தாம் வகுப்பில் 24 பிள்ளைகள். வாரத்துக்கு 40 பீரியட், பாடத்துக்கு ஒரு டீச்சர். அவர்களில் ஒருவருக்கு வருடத்துக்கு ஆகும் 2 லட்சத்து 70 ஆயிரத்தை அவர் எடுக்கும் 28 பீரியடால் வகுத்தால், டைம்டேபிளில் இருக்கும் ஒரு கட்டத்தின் வருட விலை சுமார் 9,640 ரூபாய். 40 கட்டத்துக்கு 3 லட்சத்து 86 ஆயிரம். அதை 24-ஆல் வகுத்தால் தலைக்கு சுமார் 16,100. எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆவதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

டீச்சரின் சம்பளம் கூட என்பது இதற்கு ஒரு பகுதிக் காரணம்தான். அதே பத்தாம் வகுப்பில் 36 பேர் இருந்தால், சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாமலே தலைக்கு 10,700-க்கு இறங்கியிருக்கும். 24 பிள்ளைகள் இருந்தாலும் 36 பிள்ளைகள் இருந்தாலும் அந்த நாற்பது பீரியடும் நடந்தே ஆக வேண்டும்.

உங்கள் மேல்வகுப்புகள் ஏன் மெலிந்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ படித்ததைத்தான் பார்க்கிறார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டு ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கிப் போகும் குடும்பங்கள் கிராமப் பக்கம் நிறைய. அவர்கள் போவதில் தவறு காண முடியாது. ஆனால் உங்கள் கணக்கில் அதன் விளைவு, ஆறு முதல் பத்து வரை ஒவ்வொரு வகுப்பிலும் தலைக்கு ஆகும் செலவு ஏறுவது. அந்த வகுப்புகளின் கட்டணத்தை முழுச் செலவுக்கும் உயர்த்தினால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள். இப்போது உங்கள் பள்ளியில் கீழ்வகுப்புகள் மேல்வகுப்புகளைத் தாங்குகின்றன. தாங்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் எவ்வளவு தாங்குகின்றன என்பது அறங்காவலர் கூட்டத்தில் எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு முடிவும் வருகிறது. பத்தாம் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் பள்ளிக்குக் கூடுதலாக ஆவது விடைத்தாள், ஆய்வகப் பொருள் என்று சொற்பம், 23,200 ஆகாது. அதே சமயம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் பெருகி, ஒரு செக்‌ஷனை இரண்டாக்கினால் ஒரே நாளில் ஒரு டீச்சரும் ஒரு அறையும் கூடும். தொடக்க வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவைச் சொல்கிறது. அந்த அளவை மனதில் வைத்து, எத்தனையாவது பிள்ளையில் புது செக்‌ஷன் திறக்கப்போகிறீர்கள் என்பதை அட்மிஷன் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். செலவு படிப்படியாக ஏறாது, அந்த இடத்தில்தான் தாவும்.

வகுக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூனில் உங்கள் பதிவேட்டில் 412 பேர், ஜனவரியில் 388 பேர். நீங்கள் எடுத்த 400 இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் சரியாக அமைந்துவிட்டது. இனி ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் எண்ணிக்கையைக் குறித்து, சராசரி எடுங்கள். இந்த 400-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவர்கள் 46 பேர், ஊழியர்களின் பிள்ளைகள் பாதிக் கட்டணத்தில் 24 பேர். "கட்டணம் கட்டுபவர்கள் 330 பேர்தானே, அவர்களால் வகுக்கலாமே" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எழுபது பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே டீச்சரிடம் படிக்கிறார்கள். செலவு 400 பேருக்கும் தலா 23,200தான். 330-ஆல் வகுத்தால் 28,100 என்று வரும். அதை ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு என்று பெற்றோரிடம் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

வரவில்தான் அந்த எழுபது பேர் வேறுபடுகிறார்கள். 330 பேர் தலா 28,000 கட்டினால் 92 லட்சத்து 40 ஆயிரம். ஊழியர் பிள்ளைகள் 24 பேரிடமிருந்து 3 லட்சத்து 36 ஆயிரம். ஆக 95 லட்சத்து 76 ஆயிரம், செலவு 92.8. கிட்டத்தட்ட 3 லட்சம் மிஞ்சுகிறது, பாக்கி இல்லாமல் எல்லோரும் கட்டினால். 25 சதவீத இடங்களுக்கு அரசு தருவது, அரசே ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, உங்கள் கட்டணம் இரண்டில் எது குறைவோ அது. எனவே அதை உங்கள் 23,200-க்கு ஈடாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தாமதமாக வரும் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். "பள்ளிக்கூடம் எப்படி ஓடுகிறது?" என்று கேட்ட பெற்றோருக்கு இந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டலாம்.

கடைசியாகக் கட்டண நிர்ணயக் குழு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான அந்தக் குழு, பள்ளி இருக்கும் இடம், உள்ள வசதிகள், நிர்வாக பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்துக் கட்டணம் நிர்ணயிக்கிறது. உபரிக்குச் சட்டமே தனி இடம் கொடுத்திருக்கும்போது, புது வகுப்பறைப் பணத்தைச் செலவுக்குள் ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் என்ன? 23,200 செலவு என்று மேலே எழுதுங்கள். அதன் கீழே, இன்ன வருடத்தில் இத்தனை அறை கட்டவிருக்கிறோம், அதற்குத் தலைக்கு இவ்வளவு உபரி வேண்டும் என்று மதிப்பீட்டுடன் தனி வரியில் கேளுங்கள்.

நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுக்குப் பொருந்தும் என்பதால், போன வருடச் செலவை மட்டும் காட்டினால் மூன்றாவது வருடம் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் செலவில் சம்பளமும் அதைச் சார்ந்ததும் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். வருடத்துக்கு 6 சதவீத உயர்வு கொடுப்பதாக வைத்தால், ஆசிரியர்களுக்கான 47 லட்சமே மூன்றாவது வருடத்தில் 56 லட்சத்தை ஒட்டி நிற்கும், தலைக்கு 2,200-க்கு மேல் கூடுதல். இந்த உயர்வை ஆள்வாரியாகப் பட்டியல் போட்டு மனுவோடு வையுங்கள். கட்டணம் போதவில்லை என்று டீச்சர்களின் உயர்வை நிறுத்தி வைத்தால், அவர்கள் மதுரைக்குள் இருக்கிற பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள், பத்தாம் வகுப்பு நடுவருடத்தில் ஆசிரியர் இல்லாமல் நிற்கும்.

இந்தத் தாளைப் போட நான் உங்கள் வவுச்சர் ஒவ்வொன்றையும் புரட்ட வேண்டியிருந்தது. வரும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு வவுச்சரின் மேல்மூலையிலும் க, நி, வ என்று ஓர் எழுத்தையும், வண்டியாக இருந்தால் 'வண்டி' என்றும், கட்டடம், கருவி வாங்கியதாக இருந்தால் 'சொத்து' என்றும் ஆபீசில் எழுதச் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதே குறி, பாதி பாதியாக இருப்பவர்களுக்கு டைம்டேபிள் பங்குடன். ஒரு முறை வகுத்த விதியை, விழாப் பந்தல் நிர்வாகம், ஆயா கற்பித்தல் என்பது போல, ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்து, வருடா வருடம் மாற்றாமல் கடைப்பிடியுங்கள். விதி மாறினால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.